சுடலைவடிவும் மேனேஜரின் மூன்று வாக்கியங்களும்

சுடலைவடிவு யாரைப் பற்றிப் பேசினாலும் ‘அவர் இப்படிச் சொன்னார்’ என்று சொல்வதில்லை. அந்த ஆளாகவே மாறிவிடுவார். கழுத்து மாறும், குரல் மாறும், கை நிற்கும் இடம் மாறும். பேச்சு முடிந்ததும் பழையபடி தன் குரலுக்கு வந்துவிடுவார். கேட்பவர்களுக்கு எது யாருடைய பேச்சு என்பதில் குழப்பம் வந்ததே இல்லை.

திருநெல்வேலி டவுணில் ரத வீதித் துணிக்கடை ஒன்றில் அவருக்குச் சேலை மடிக்கிற வேலை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் சேலைகளை மடித்துப் பழையபடி தட்டில் வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டின்போது அன்று வந்த கூட்டம் முழுவதும் அவர் வாய்வழியாக மறுபடி வரும். “இது வெளுக்குமாப்பா? போன தடவையும் வெளுக்காதுன்னுதாம் தந்தீரு” என்று, கல்யாணச் சேலை எடுக்க வந்த மாப்பிள்ளையின் தாயாராகக் கேட்பார். உடனே தோளைக் குறுக்கிக்கொண்டு கடைப் பையனாகி, “அம்மா, இது வெளுத்தா நானே வந்து உடுத்திக்கிடுதேன்” என்பார். கூடவேலை செய்யும் பொன்செல்வி சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்த நாட்கள் உண்டு.

அவர் பிறந்தது மலைமேல், ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில். தாய் தகப்பன் சீவலப்பேரியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருடம் மேலே ஏறினார்கள். எஸ்டேட் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தார். பிறகு கொழுந்துக் கூடை. கல்யாணம், ஒரு மகன், கணவரின் சாவு எல்லாம் மேலேயே நடந்தன. எஸ்டேட்டை மூடப்போவதாகப் பேச்சு வந்தபோது, அவர் இருந்த பிரிவைத்தான் கம்பெனி முதலில் கீழே இறக்கியது. அந்தப் பிரிவில் குடும்பங்கள் குறைவு. இறங்கியவர்களில் பெரும்பாலோர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்விட்டார்கள். பொன்செல்வியும் சுடலைவடிவும் மட்டும் தச்சநல்லூரில் அடுத்தடுத்த வாடகை வீடுகளில் தங்கினார்கள். மற்றப் பிரிவுகளின் ஆட்கள் பின்னால் வந்து அதே பகுதியில் சேர்ந்தார்கள்.

எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். செயலாளர் கருத்தையா, எஸ்டேட் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். ‘நாங்கள் விரும்பி இறங்கவில்லை, இருக்க இடம் வேண்டும்’ என்பது சங்கத்தின் மனு. அதன் மீது வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் விசாரணை வைக்க இருந்தார். சங்கத்தின் சார்பில் பேசத் தேர்ந்தெடுத்தவர்களில் சுடலைவடிவும் ஒருவர். கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னதும் எதிர்ப்பே எழவில்லை. நடவடிக்கைக் குறிப்பை எழுதியவன் நான்.

இதற்கெல்லாம் ஓராண்டுக்கு முன்பு கரோலின் என்கிற கல்லூரி ஆசிரியை அவரைத் தேடி வந்திருந்தார். பாளையங்கோட்டையில் சமூகவியல் சொல்லித் தருபவர். மலையிலிருந்து இறங்கிய பெண்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்காகப் பலரைப் பேட்டி கண்டார். சுடலைவடிவின் வீட்டில் கைபேசியைத் தரையில் வைத்து ஒரு பகல் முழுவதும் பதிவு செய்தார். கட்டுரை ஒரு காலாண்டு ஆய்விதழில் வந்தது. இதழின் பிரதி ஒன்றை நேரில் கொண்டுவந்தும் கொடுத்தார். சுடலைவடிவு தன் பெயர் வந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மகனின் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் அதைச் செருகி வைத்தார். அவ்வளவுதான் அவர் அதைப் படித்தது.

விசாரணைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மனுவுக்குக் கம்பெனியின் பதில் வந்தது. அதில் ஒரு பத்தி இப்படி இருந்தது:

தொழிலாளர்கள் மனமொப்பியே இறங்கினர். இதனை அவர்களுள் ஒருவரான சுடலைவடிவு, “கீழ போனா நமக்கு நல்லதுதான். ஆஸ்பத்திரி பக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். மேல கெடந்து நாம என்னத்தக் கண்டோம்?” எனக் கூறியுள்ளமை ஆய்வாளரால் பதிவு செய்யப்பட்டுள்ளது (கரோலின், 2024, ப. 41).

கருத்தையா அதைச் சங்கத்தின் முன் வாசித்தார். சுடலைவடிவு எழுந்து, “அது நான் சொன்னதில்ல அண்ணாச்சி. மேனேஜர் சொன்னது” என்றார்.

“புஸ்தகத்துல உம் பேரைப் போட்டில்லா இருக்கு, வடிவு?”

“போட்டிருந்தா? பிரட்டுல எங்கள நிக்க வச்சுப் பேசினது அவரு. நான் அத டீச்சர்ட்ட சொன்னேன்.”

பிரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுப்பதற்காகத் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தும் இடம். மற்றப் பிரிவுகளின் ஆட்கள் யாரும் அந்தப் பிரட்டில் நின்றவர்கள் அல்லர். பொன்செல்வி மட்டும், “ஆமா, அவருதான் சொன்னாரு” என்றார். பக்கத்து வீட்டுக்காரி சொல்லும் சாட்சியாகவே அது எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதழை வாங்கி நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தோம். கம்பெனி ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் சரி. எடுத்த வாக்கியங்களைச் சரியாக இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைத்திருந்தார்கள். பிழை எங்கே என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

“உன்னக் குத்தம் சொல்லல” என்றார் கருத்தையா. “ஆனா நீ அங்கன வந்து நின்னா, வக்கீலு இதத்தான் முதல்ல எடுத்து நீட்டுவாரு. நீ இல்லங்கணும், அவரு ஆமாங்கணும், நம்ம மனு அதுலயே முடிஞ்சிரும். இந்தத் தடவ நீ வரவேண்டாம்.”

சுடலைவடிவு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவர் குடத்தை வைத்தபோது ஒருத்தி கழுத்தைச் சாய்த்து, “ஏ மதினி, குழா பக்கம், கடையும் பக்கம். மேல கெடந்து நாம என்னத்தக் கண்டோம்?” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குரல்கூட அவருடைய குரலைப் போலவே இருந்ததாம். “நான் எத்தன பேரப் பேசிக் காட்டியிருக்கேன். என்னைய ஒருத்தி பேசிக் காட்டினது அன்னைக்குத்தான்” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அன்று கடையிலும் அவர் யாரையும் பேசிக் காட்டவில்லை என்று பொன்செல்வி சொல்கிறார்.

வார விடுமுறை அன்று சுடலைவடிவு இதழைப் பையில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். கரோலின் வீட்டில் நடந்த பேச்சின்போது நான் இல்லை. இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னது ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

கரோலின் பக்கத்தைப் பார்த்த உடனே புரிந்துகொள்ளவில்லை. “நீங்க சொன்னதுதானே வடிவக்கா? ஒரு சொல்லையும் நான் மாத்தலையே” என்றார்.

“மாத்தல டீச்சர். ஆனா அவரு சொன்னது எப்படி நான் சொன்னதாச்சு?”

“யாரு சொன்னது?”

“மேனேஜரு! அன்னைக்குச் சொல்லும்போது சிரிச்சீங்களே.”

கரோலின் கைபேசியில் அந்தப் பதிவைத் தேடி எடுத்தார். மேசைமேல் வைத்து ஓடவிட்டார். சுடலைவடிவின் குரல் மழையைச் சொன்னது, கூடையைச் சொன்னது. பிறகு ஒரு செருமல். அதற்குப் பின் வேறொரு குரல்: தடித்தது, நிதானமானது, ஒவ்வொரு ‘நாம’வுக்கும் ஓர் அழுத்தம். கேள்வி முடிந்ததும் கரோலினின் சிரிப்பே பதிவில் கேட்டது. அதன் பிறகு சுடலைவடிவின் சொந்தக் குரல், முன்பைவிடத் தாழ்ந்து.

“எப்பவும் ‘நாம’ன்னுதான் பேசுவாரு” என்றார் சுடலைவடிவு. “அட்ட கடிச்சாலும் ‘நம்மள அட்ட கடிக்குது’ம்பாரு. அவரு காலுல முட்டுவரைக்கும் பூட்ஸு.”

கரோலின் சிரிக்கவில்லை. கணினியைத் திறந்து, இதழுக்குத் தான் அனுப்பிய மூலப்படியை எடுத்தார். அதில் சுடலைவடிவின் பேச்சு முழுவதும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இருந்தது. அதற்கு உள்ளே, மேனேஜரின் மூன்று வாக்கியங்கள் மட்டும் ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் இருந்தன. ஒருவர் பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வரும்போது அப்படித்தான் குறிக்க வேண்டும். அச்சில் வந்த பக்கத்தில் இரட்டைக் குறியும் இல்லை, ஒற்றைக் குறியும் இல்லை.

“இரட்டைக் குறி இல்லாதது சரிதான்” என்று கரோலின் விளக்கினார். அந்த இதழில் நாற்பது சொல்லுக்கு மேல் போகும் மேற்கோளைத் தனிப் பத்தியாக இறக்கி, இடப்பக்கம் உள்ளே தள்ளி அடிப்பார்கள். தள்ளி அடித்திருப்பதே அது மேற்கோள் என்பதற்கு அடையாளம். ஆகவே வெளியே குறி தேவையில்லை. “ஆனா உள்ளே இருக்கிற ஒற்றைக் குறி போகக் கூடாது. வெளிக் குறிய எடுத்ததும் அது இரட்டையா மாறி நிக்கணும். இங்க ரெண்டுமே போயிட்டு.”

“அந்தக் குறி இல்லன்னா?”

“இல்லன்னா எல்லாமே உங்க பேச்சுதான், அக்கா. வேற யாராவது ‘ன்னு சொன்னாரு’ன்னு முடிச்சிருப்பாங்க. குறி போனாலும் அந்த ‘ன்னு’ காப்பாத்தியிருக்கும். நீங்க ‘ன்னு’ சொல்லவே மாட்டீங்க.”

“ஆளே வந்து நிக்கும்போது ‘ன்னு’ எதுக்கு?” என்றார் சுடலைவடிவு.

அச்சாவதற்கு முன் ஒரு தடவை நீங்கள் படித்துப் பார்க்கவில்லையா என்று சுடலைவடிவு கேட்டார். படித்ததாகவும், தேதிகளையும் பெயர்களையும் பக்க எண்களையும் மட்டுமே ஒத்துப் பார்த்ததாகவும் கரோலின் சொன்னார். மேற்கோளின் சொற்கள் எல்லாம் தன் காதில் அந்தக் குரலிலேயே ஒலித்ததால், குறி இல்லாதது கண்ணில் படவே இல்லை என்றார். “நான் படிக்கல வடிவக்கா, கேட்டுக்கிட்டே போயிட்டேன். இத நான்தான் சரி செய்யணும்.”

இருவரும் ஆட்டோவில் மேலப்பாளையம் போனார்கள். அந்த ஆய்விதழின் பக்கங்களை அமைப்பவர் நாசர். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், ஆய்வேடு எல்லாம் அவர் கடையில் ஒரே கணினியில் நடக்கும். கரோலின் இரண்டு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவர் தலையில் கை வைத்தார்.

“அல்லாவே. இது என் கைதான் டீச்சர்.”

“எப்படி நாசர் பாய்?”

“கட்டுரை அனுப்புற உங்க ஆளுகள்ல முக்காவாசிப் பேரு இரட்டைக் குறியாவா அடிக்காங்க? பழைய எழுத்துருவுல பழகினவங்க ஒற்றைக் குறிய ரெண்டு தட்டுத் தட்டி இரட்டை மாதிரி ஆக்கி அனுப்புதாங்க. பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். தனிப் பத்தியா இறக்கும்போது இரட்டைய மட்டும் எடுத்தா, அந்த ரெண்டு ஒற்றை அங்கனயே கெடக்கும். போன வருசம் ஒரு கட்டுரை பூரா அப்படித் தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சி, இதழாசிரியர் சார் சத்தம் போட்டாரு. அதுலயிருந்து பத்திய இறக்கினதும், அதுக்குள்ள இருக்குற குறி ஒற்றையோ இரட்டையோ மொத்தமா ஒரே தட்டுல எடுத்துருவேன். உங்க கட்டுரையில நிசமாவே உள்ளுக்குள்ள ஒரு ஆளு பேசிக்கிட்டு இருக்காருன்னு நான் எங்க கண்டேன்?”

சுடலைவடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரே தட்டுல மேனேஜர எடுத்துட்டு என்னைய வச்சிட்டீங்களே, பாய்” என்றார்.

“மன்னிச்சிருங்க அக்கா. நானே வந்து உங்க ஆளுககிட்டச் சொல்லுதேன்.”

“நீங்க சொன்னா, அவரு யாரும்பாங்க. புஸ்தகத்துல வந்தது புஸ்தகத்துலதான் மாறணும்.”

இதழின் ஆசிரியர் பேராசிரியர் கிருபைராஜ். கல்லூரியில் அவருடைய அறை மாடியில், மருத மரத்தின் கிளை சன்னலைத் தொடுகிற பக்கம் இருக்கிறது. அடுத்த வாரம் மூவரும் அங்கே போனார்கள். கருத்தையாவும் நானும் கூடப் போனோம். கரோலின்தான் கருத்தையாவை வரச் சொல்லியிருந்தார்.

கிருபைராஜ் இரண்டு படிகளையும் பொறுமையாகப் பார்த்தார். தவறு நடந்திருப்பதை அவர் மறுக்கவில்லை. “அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுருவோம்” என்றார்.

“அடுத்த இதழ் வர்றதுக்குள்ள விசாரணை முடிஞ்சிரும் சார்” என்றார் கரோலின். “இணையதளத்துல இருக்கிற படியில இப்பவே திருத்தலாம். என்ன மாத்தினோம்னு தேதியோட ஒரு குறிப்பும் சேர்த்துப் போடலாம். அச்சுல அடுத்த இதழ்ல வரட்டும்.”

“ஆசிரியர் குழுகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், கரோலின். நாளைக்கு ஒவ்வொருத்தரும் வந்து, நான் சொன்னது இதில்ல, மாத்துங்கம்பாங்க. சொன்னதுக்கு ஆதாரம் வேணுமில்லையா?”

“பதிவு இருக்கு.”

அந்த அறையில் பதிவு ஓடியது. செருமல் வந்தபோது கருத்தையா நிமிர்ந்தார். மேனேஜரின் குரல் வந்து மூன்று வாக்கியங்களும் முடியும் வரை அவர் அசையவில்லை. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “வே, இது அவரேதாம். பாய்லர் வெடிச்ச அன்னைக்கு எங்ககிட்டயும் இப்படித்தான் செருமினாரு. ‘நம்ம பாய்லர் நம்மள ஏமாத்திட்டு’ன்னாரு” என்றார்.

சுடலைவடிவு அவரைப் பார்க்காமல், “இப்ப நம்புதீகளா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“நான் நம்பாம இல்ல, வடிவு.”

“குழாயடியில யாரும் நம்பல.”



கிருபைராஜ் பதிவை இன்னொரு முறை கேட்டார். பிறகு குழு உறுப்பினர்கள் இரண்டு பேருக்குப் போன் செய்து சுருக்கமாகச் சொன்னார். கட்டுரையாசிரியரே எழுத்தில் கேட்பதாகவும் ஆதாரமான பதிவைத் தானே கேட்டதாகவும் சொன்னபோது அவர்கள் தடை சொல்லவில்லை. நாசர் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பத்தியை அடித்தார். கிருபைராஜ் எழுந்து அவருக்குப் பின்னால் நின்றார். சுடலைவடிவு நாற்காலியை நகர்த்திக்கொண்டு திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இந்த ரெட்டைப் புள்ளி மாதிரி இருக்கே, இதுக்குள்ள இருக்கிறது அவரா?”

“ஆமா அக்கா. ‘கீழ’ங்கிற சொல்லுக்கு முன்னால திறக்குது. ‘கண்டோம்’ல முடியுது” என்றார் நாசர்.

“அடுத்தாப்ல வர்ற ‘ஒருத்தரும் வாயத் தொறக்கல’ங்கிறது?”

“அது வெளியே. அது நீங்க.”

“சரி. அது நாங்கதான்.”

அப்போது கரோலின் திரையில் விரலை வைத்தார். “நாசர் பாய், கேள்விக்குறி வெளியே நிக்குதே.”

நாசர், முடிக்கும் குறியைப் போட்ட பிறகு கேள்விக்குறியை வைத்திருந்தார். “சார் எப்பவும் நிறுத்தக்குறி வெளியேன்னுதான சொல்லுவாக” என்றார்.

“ஆமா, நம்ம இதழ்ல அப்படித்தான்” என்றார் கிருபைராஜ். “மேற்கோள முடிச்சு, அடைப்புக்குறிக்குள்ள ஆதாரத்தச் சொல்லி, அதுக்குப் பிறகுதான் முற்றுப்புள்ளி.”

“வாக்கியத்தோட ஓடுற மேற்கோள்ல முற்றுப்புள்ளிக்கு அது சரி சார். அந்தப் புள்ளி நம்ம வாக்கியத்துக்கு. கேள்விக்குறி அப்படியில்ல. பேசினவர் கேட்ட கேள்வின்னா அது உள்ளே இருக்கணும். எழுதுறவங்க கேக்குற கேள்வின்னாத்தான் வெளியே.”

கிருபைராஜ் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார். “நம்ம விதித்தாள்லயே ஆறாவதா இருக்கு. நான் எழுதினதுதான்.”

சுடலைவடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வெளியே இருந்தா யாரு கேட்ட மாதிரி?”

“இந்தப் பத்தியில வெளியே இருக்கிறதெல்லாம் நீங்க. அதனால நீங்க கேட்ட மாதிரி ஆயிரும்” என்றார் கரோலின்.

“‘என்னத்தக் கண்டோம்’னு நான் கேப்பனா? எங்க அம்ம அங்கனதான் கெடக்கா. கேட்டது அவரு. கேள்விய அவரு பக்கமே வைங்க.”

நாசர் கேள்விக்குறியை உள்ளே நகர்த்தினார். திருத்திய பத்தி இப்படி நின்றது:

எல்லாரையும் பிரட்டுல நிக்க வச்சாரு. மழ தூறிக்கிட்டு இருந்திச்சி. நாங்க கூடையத் தலையில கவுத்திக்கிட்டு நின்னோம். கைப்பிள்ளக்காரிய சீலைய மூடிக்கிட்டு நின்னாளுவ. “கீழ போனா நமக்கு நல்லதுதான். ஆஸ்பத்திரி பக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். மேல கெடந்து நாம என்னத்தக் கண்டோம்?” ஒருத்தரும் வாயத் தொறக்கல. எங்க அம்மயப் பொதச்ச எடம் அந்தப் பிரட்டுக் களத்துக்கு மேலதான் இருக்கு. நான் அதயே பாத்துக்கிட்டு நின்னேன். (சுடலைவடிவு, நேர்காணல், 2023)

தனிப் பத்தியாக இருப்பதால் கடைசி முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்கு முன்னாலேயே வந்துவிடும் என்று நாசர் தானாகவே சொன்னார். அதைக் கிருபைராஜும் கரோலினும் ஒப்புக்கொண்டார்கள். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தார்கள்: நாற்பத்தொன்றாம் பக்கத்தில் உள்மேற்கோள் குறிகள் விடுபட்டன, அவற்றுக்குள் வரும் மூன்று வாக்கியங்கள் எஸ்டேட் மேனேஜருடைய பேச்சு, பேட்டி தந்தவருடைய கருத்து அல்ல. குறிப்பு அன்று மாலையே இணையதளத்தில் ஏறியது. கிருபைராஜ் அதை அச்செடுத்துக் கையெழுத்திட்டுக் கருத்தையாவிடம் கொடுத்தார்.

படியில் இறங்கும்போது கருத்தையா, “வடிவு, விசாரணைக்கு நம்ம எல்லாரும் ஒரே வண்டியில போயிருவோம். நீ வந்துரு” என்றார்.

“நம்ம எல்லாருமா?” என்று கேட்டுச் சுடலைவடிவு ஒரு முறை செருமினார். கருத்தையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குழாயடியில் பேசிக் காட்டியவள் அந்த வாரமே வீட்டு வாசலுக்கு வந்தாள். “மதினி, என் வாய் சும்மா இருக்கல” என்றாள். “நல்லாத்தாம் பேசின. ஆனா ‘நாம’வுல ஒரு அழுத்தம் வேணும்” என்று சொல்லி சுடலைவடிவு அவளை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாராம். இதைச் சொன்னவர் பொன்செல்வி.

விசாரணையன்று வண்டியில் எல்லோரும் சுடலைவடிவிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டார்கள். “யம்மா, அதிகாரி முன்னால யாரையும் பேசிக் காட்டிராத” என்றார் கருத்தையா. “செருமாத. கழுத்த ஆட்டாத. சொல்ல வேண்டியத மட்டும் சொல்லு.”

“என் வாயக் கட்டித்தான் கூட்டிட்டுப் போறீகளா?”

“கட்டல. அங்கன ஒருத்தர் நம்ம பேச்ச எழுதிக்கிட்டே இருப்பாரு. அவரு நாசர் பாய் மாதிரி.”

அதைக் கேட்டதும் சுடலைவடிவு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை அவர் வாய் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

கம்பெனியின் வழக்கறிஞர் எதிர்பார்த்தபடியே அந்தப் பத்தியைப் படித்தார். நல்ல தெளிவான குரல். நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்திப் படித்தார். கருத்தையா திருத்தக் குறிப்பை அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு வழக்கறிஞரிடம் நீட்டினார். வழக்கறிஞர் பார்த்துவிட்டு, தாங்கள் மேற்கோள் எடுத்தது அச்சில் வந்த படியிலிருந்துதான் என்றும், திருத்தம் வந்தது தெரியாது என்றும் சொன்னார். அது உண்மைதான்.

அதிகாரி சுடலைவடிவைப் பார்த்தார். “அம்மா, இந்த மூணு வரிய யார் சொன்னது? உங்க வாயாலேயே சொல்லுங்க.”

சுடலைவடிவு எழுந்தார். இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். கழுத்து அசையவில்லை. செருமவும் இல்லை. தன் சொந்தக் குரலிலேயே, சேலை மடிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“கீழ போனா நமக்கு நல்லதுதான்னு மேனேஜர் சொன்னாரு. ஆஸ்பத்திரி பக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம்னு மேனேஜர் சொன்னாரு. மேல கெடந்து நாம என்னத்தக் கண்டோம்னு மேனேஜர் கேட்டாரு. நாங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. அது நான் சொல்லுதேன்.”

எழுதிக்கொண்டிருந்த எழுத்தர், “கடைசியில, அது நான் சொல்லுதேன்ங்கிறதையும் எழுதணுமா?” என்று கேட்டார்.

“எழுதுங்க சார்” என்றார் சுடலைவடிவு. “அதுக்குப் பிறகு நான் இன்னும் பேசணும்.”

அதிகாரி தலையசைத்தார். எழுத்தர் எழுதி முடிக்கும் வரை சுடலைவடிவு காத்திருந்தார். பிறகு அம்மாவைப் புதைத்த இடத்திலிருந்து தொடங்கினார். மனுவின் மீதான உத்தரவு இதை எழுதும் வரை வரவில்லை. அன்று பதிவான வாக்குமூலத்தின் பிரதி சங்கத்தில் இருக்கிறது. ஒத்துப் பார்த்துவிட்டேன்; அவர் சொன்னது அவர் சொன்னதாகவும், மேனேஜர் சொன்னது மேனேஜர் சொன்னதாகவும் இருக்கின்றன.